ஸ்கிரீன்ஷாட் பணம் ஆகாது

ராத்திரி ஒன்பதரை மணி இருக்கும். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுச் சித்தப்பா கல்லாப்பெட்டி முன்னால் உட்கார்ந்திருந்தார். பாளையங்கோட்டையில் அவருக்கு முப்பது வருஷமாக மளிகைக் கடை. நோட்டை எண்ணியாயிற்று, சில்லறையை எண்ணியாயிற்று, போனில் வந்த பணத்தையும் கூட்டியாயிற்று. 840 ரூபாய் இடித்தது. சாமான் போயிருக்கிறது, பில் இருக்கிறது, பணத்தைக் காணோம்.

பத்து மணிக்குக் கல்லாவில் நிற்கும் பெண்ணிடமிருந்து போன் வந்தது. மத்தியானம் ஸ்பீக்கர் பெட்டியில் சார்ஜ் இல்லாமல் போய்விட்டதாம். அவசரத்தில் நின்ற ஒரு அம்மாவிடம், "என் நம்பருக்கே ஜிபே பண்ணிருங்கக்கா" என்று சொல்லி வாங்கிக்கொண்டாளாம். அதைக் கல்லாவில் போட மறந்துவிட்டாளாம். மறுநாள் காலையில் கடைக்கு வந்ததும் யாரும் கேட்பதற்கு முன்பே போனைத் திறந்து, அந்த 840 ரூபாய் வரவைச் சித்தப்பாவிடம் நீட்டினாள். கை நடுங்கியது. அவளைச் சித்தப்பா சந்தேகப்படவில்லை. ஆனால் தன்னைச் சந்தேகப்பட்டுவிடுவார்களோ என்று அவள் ஒரு ராத்திரி முழுக்கத் தூங்காமல் கிடந்திருக்கிறாள்.

அன்றைக்குத்தான் சித்தப்பா என்னிடம் சொன்னார்: "ஆர்டரை எதுல எடுக்கணும், பணத்தை எதுல வாங்கணும்னு பயலுவளுக்குத் தெளிவா ஒரு மெசேஜ் எழுதிக் குடுடே." பத்து நிமிஷ வேலை என்று நினைத்து உட்கார்ந்தேன். மூன்று வாரம் ஆயிற்று.

உண்மையில் அவரே அதற்கு முன்னால் ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தார். "இனிமே எல்லாரும் ஆர்டரை வாட்ஸ்அப்ல வாங்குங்க. பணத்தை ஜிபேல வாங்குங்க" என்று இரண்டே வரி. அதை ஐந்து ஊழியர்களும் அப்படியே கடைப்பிடித்தார்கள். குழப்பமே அதிலிருந்துதான் கிளம்பியது.

வாட்ஸ்அப் எல்லார் போனிலும் இருக்கிறது. டெலிவரிக்குப் போகும் தம்பியின் நம்பர் பாதித் தெருவுக்குத் தெரியும். அவனுக்குச் சிலர் அனுப்பினார்கள், கல்லாப் பெண்ணுக்குச் சிலர், சித்தப்பாவின் சொந்த நம்பருக்குச் சிலர். ஒரு வீட்டில் வீட்டுக்காரம்மா தம்பிக்கு அனுப்பிய அதே லிஸ்ட்டை வீட்டுக்காரர் சித்தப்பாவுக்கு அனுப்பினார். இரண்டு பை கட்டி இரண்டு நடை போய்விட்டு வந்தார்கள். இன்னொரு வீட்டின் ஆர்டர் தம்பியின் போனோடு அவன் ஊர்க் கோயில் கொடைக்குப் போய்விட்டது. சாயங்காலம் அந்த வீட்டுப் பெரியவர் நேரில் வந்து, "என்ன அண்ணாச்சி, எங்க வீட்ட மறந்துட்டீங்களா?" என்று கேட்டபோதுதான் அப்படி ஒரு ஆர்டர் இருந்ததே தெரிந்தது.

"ஜிபே" என்ற சொல் அதைவிடச் சிக்கலானது. தமிழ்நாட்டில் அது ஒரு செயலியின் பெயராக நிற்கவில்லை, வினைச்சொல்லாகவே ஆகிவிட்டது. போன்பே வைத்திருப்பவரும் பேடிஎம் வைத்திருப்பவரும் "ஜிபே பண்ணிட்டேன்" என்றுதான் சொல்கிறார்கள். ஆகவே "ஜிபேல வாங்குங்க" என்ற கட்டளை, போனில் வந்தால் போதும், யார் போனில் வந்தாலும் சரி என்றுதான் ஊழியர்கள் காதில் விழுந்தது. கல்லாப் பெண் தன் நம்பரைச் சொன்னது சொல்பேச்சுக் கேட்காததால் இல்லை. சொன்னதைக் கேட்டதால்தான்.

இங்கே ஒரு அடிப்படையைச் சொல்லிவிட வேண்டும். தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம் 2016-இல் கொண்டுவந்த யூபிஐ என்ற தடத்தில்தான் இந்தச் செயலிகள் எல்லாமே ஓடுகின்றன. வாடிக்கையாளர் எந்தச் செயலியிலிருந்து அனுப்பினாலும் கடையின் ஒரே க்யூஆருக்கு வந்து சேரும். அதனால் எந்தச் செயலியில் பணம் கட்டுவது என்பது வாடிக்கையாளர் விஷயம், கடைக்கு அதில் வேலை இல்லை. கடை முடிவு செய்ய வேண்டியது இரண்டு: பணம் எந்தக் கணக்கில் விழ வேண்டும், விழுந்ததை யார் எங்கே பார்த்து உறுதி சொல்வது. பழைய மெசேஜில் இந்த இரண்டும் இல்லை.

முதலில் ஆர்டருக்கு வருவோம். சித்தப்பாவின் சொந்த நம்பரைத் தொடாமல், கடைக்கென்று ஒரு புதுச் சிம் வாங்கினோம். அதில் வாட்ஸ்அப் பிசினஸ் போட்டோம். ஒரே நம்பரைச் சாதாரண வாட்ஸ்அப்பிலும் பிசினஸ் வாட்ஸ்அப்பிலும் சேர்த்து வைக்க முடியாது, அதனால்தான் தனிச் சிம். அந்த முதன்மைப் போனோடு மேலும் நான்கு கருவிகளை இணைக்கலாம். கல்லாவில் முதன்மைப் போன், பில் போடும் கம்ப்யூட்டரில் ஒன்று, சாமான் கட்டும் மேசையில் பழைய போன் ஒன்று என்று மூன்று இடத்தில் ஒரே நம்பர் திறந்திருக்கிறது. எல்லா ஆர்டரும் எல்லாருக்கும் தெரியும். யாருடைய சொந்த நம்பரும் நடுவில் இல்லை.

இதில் இரண்டு இடறல் உண்டு. முதன்மைப் போனை 14 நாள் திறக்காமலே விட்டால் மற்ற கருவிகள் தாமாகவே வெளியேறிவிடும். புதுப் போன் என்று பத்திரமாக மேசை டிராயரில் பூட்டி வைத்துவிட்டு, கம்ப்யூட்டரிலேயே வேலையை ஓட்டுகிற கடைகளில் ஒரு நாள் காலை திடீரென்று எல்லாம் நின்றுபோவதற்கு இதுதான் காரணம். இன்னொன்று, மூன்று கருவியில் யார் பதில் போட்டாலும் வாடிக்கையாளருக்குக் கடையின் பெயரில்தான் போகும். "நாளைக்கு அரிசி வந்துரும்" என்று யார் வாக்குக் கொடுத்தார்கள் என்று பிறகு கண்டுபிடிக்கவே முடியாது. அதனால் பதில் போடுகிறவர் கடைசியில் தன் பெயரின் முதல் எழுத்தைப் போட வேண்டும் என்று வைத்தோம். ஒரே ஒரு எழுத்து. பாதிச் சண்டை அதோடு நின்றது.

ஆர்டர் வந்து சேர்ந்தால் மட்டும் போதாது, சரியாகக் காதில் விழ வேண்டும். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் பலர் தட்டச்சு செய்வதில்லை. குரல்பதிவு அனுப்புவார்கள், இல்லாவிட்டால் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிப் படம் பிடித்து அனுப்புவார்கள். குரல்பதிவில் மிக்ஸி ஓடும், பேரன் அழுவான், நடுவில் "அரை கிலோ" என்றது "ஒண்ணரை கிலோ" என்று கேட்கும். "பருப்பு" என்றால் எங்கள் பக்கம் துவரம்பருப்புதான். வெளியூரிலிருந்து குடிவந்தவர்கள் பாசிப்பருப்பை நினைத்து அதையே சொல்வதுண்டு. "உளுந்து" என்றால் முழு உளுந்தா, உடைத்ததா, தொலியோடு வேண்டுமா என்பது அந்த வீட்டில் இட்லிக்குப் போடுகிறார்களா, உளுந்தங்களிக்கா என்பதைப் பொறுத்தது. அதனால் குரலாக வந்தாலும் படமாக வந்தாலும், சாமான் எடுப்பதற்கு முன்னால் அதை எழுத்தாகத் திருப்பி அனுப்பி, வாடிக்கையாளர் "சரி" என்ற பிறகே தராசுக்குப் போக வேண்டும் என்று எழுதினேன்.

சித்தப்பா இதை எதிர்த்தார். "கூட்ட நேரத்துல ஒவ்வொருத்தருக்கும் டைப் அடிச்சிட்டு இருந்தா வியாபாரம் என்ன ஆகும்?" நியாயமான கேள்விதான். ஒரு வாரம் செய்து பார்த்ததில், எழுதி அனுப்ப ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகவில்லை. தப்பாகப் போன ஒரு பையைத் திரும்ப எடுத்து வர இருபது நிமிஷமும் பெட்ரோலும் போகிறது. அதற்குமேல் அவர் எதிர்க்கவில்லை.

ஒரு ஆர்டரை முழுசாகப் பார்த்துவிடுவோம். காலை 8.40-க்கு ஒரு அம்மா குரல்பதிவு அனுப்புகிறார். கட்டும் மேசையில் நிற்கும் பையன் அதைக் கேட்டு எழுதுகிறான்: "ஆர்டர் 23. துவரம்பருப்பு 1 கிலோ, முழு உளுந்து அரை கிலோ, நல்லெண்ணெய் அரை லிட்டர், சீனி 2 கிலோ, தேங்காய் 2. சரியாம்மா? -ச." அம்மா கட்டைவிரலை உயர்த்துகிறார். சாமானை எடுத்து நிறுத்த பிறகுதான் பில் போடுகிறார்கள்: 165, 70, 210, 92, 75. ஆக 612 ரூபாய். இந்தத் தொகையை நிறுப்பதற்கு முன்னால் சொல்லக் கூடாது. தேங்காய் விலை அளவைப் பார்த்து மாறும், ஒன்றிரண்டு சாமான் இல்லாமலும் போகும். முதலிலேயே ஒரு தொகையைச் சொல்லிப் பணம் வந்துவிட்டால், பிறகு பத்து ரூபாயைத் திருப்பி அனுப்புவதும் முப்பது ரூபாயைக் கூடுதலாகக் கேட்பதுமாக அந்த ஒரு ஆர்டருக்கு மூன்று கணக்கு எழுத வேண்டி வரும்.

பில் படத்தோடு கடையின் க்யூஆரும் அந்த அம்மாவுக்குப் போகிறது. பணத்தை அவர் அப்போதே அனுப்பலாம், பை வந்த பிறகும் அனுப்பலாம். வாட்ஸ்அப்பில் வந்த க்யூஆர் படத்தைச் சேமித்துக் கேலரியிலிருந்து ஸ்கேன் செய்யும்போது பெரிய தொகை சில சமயம் போகாது. 2,000 ரூபாயைத் தாண்டினால் தடுப்பதுண்டு. மாசச் சாமான் வாங்கும் வீடுகளுக்காகவே தம்பியின் பையில் லேமினேட் செய்த க்யூஆர் அட்டை ஒன்றைத் தொங்கவிட்டோம். நேராக ஸ்கேன் செய்தால் அந்தத் தொல்லை இல்லை.

இனி பணம். ஊழியரின் சொந்த நம்பருக்கு ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது என்பதுதான் மெசேஜின் கண்டிப்பான வரி. அது ஊழியரை நம்பாததால் வந்த வரி என்று படிப்பவருக்குத் தோன்றிவிடக் கூடாது என்பதில் நான் கவனமாக இருந்தேன். காரணத்தையும் சேர்த்தே எழுதினேன். கடைப் பணம் தினமும் ஒரு தனிமனிதர் கணக்கில் விழுந்து வெளியே போனால், பார்க்கிறவர்களுக்கு அது அவருடைய வியாபாரமாகத் தெரியும். 2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை, யூபிஐ வரவை வைத்துச் சிறு கடைக்காரர்களுக்கு நோட்டீஸ் அனுப்பியதும், பெங்களூரில் பல கடைகளில் க்யூஆர் அட்டையை எடுத்துவிட்டு "ரொக்கம் மட்டும்" என்று எழுதி வைத்ததும் நினைவிருக்கும். சம்பளக்காரப் பெண் ஒருத்தியின் கணக்கில் கடையின் வரவு தெரிவது அவளுக்கு ஆகாது.

அதைவிடப் பெரிய பயம் வேறு. இணைய மோசடியில் பறிபோன பணம் எந்தெந்தக் கணக்கு வழியாகப் போனதோ, அந்தக் கணக்குகளை விசாரணைக்காக முடக்குவார்கள். மோசடிக்காரன் நம் கடையில் 500 ரூபாய்க்கு எண்ணெய் வாங்கியிருந்தால், அந்த 500 விழுந்த கணக்கிலும் கை வைப்பார்கள். கடைக் கணக்கு என்றால் பில்லைக் காட்டி மீட்கப் பார்க்கலாம். சொந்தச் சம்பளக் கணக்கு முடங்கினால், எண்ணெய் விற்ற பில் தன் பெயரில் இல்லாத அந்தப் பெண் எதைக் காட்டுவாள்?

கடை பெயரில் நடப்புக் கணக்கு, அதோடு இணைந்த வணிகர் செயலி, அதற்கு ஒரு க்யூஆர். இந்த வணிகர் செயலிகள் பெரும்பாலானவற்றில் ஊழியரின் நம்பரையும் சேர்த்து, வரவை மட்டும் பார்க்க விடலாம். பணத்தை எடுக்கவோ திருப்பி அனுப்பவோ அவரால் முடியாது. கல்லாப் பெண்ணுக்கு அந்த அனுமதியைக் கொடுத்தோம். இனி ஸ்பீக்கர் பெட்டி ஊமையானாலும் அவள் தன் நம்பரைச் சொல்ல வேண்டியதில்லை. செயலியைத் திறந்து பார்த்தால் போதும்.

ஸ்பீக்கர் பெட்டியை எல்லாரும் கொஞ்சம் அதிகமாகவே நம்புகிறோம். அது தொகையைத்தான் சொல்லும், ஆளைச் சொல்லாது. கடையில் இரண்டு பேர் நிற்கும்போது "இருநூற்று ஐம்பது ரூபாய் பெறப்பட்டது" என்று ஒரு தடவை கேட்டால், இரண்டு பேருமே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். இருவருமே 250 ரூபாய்க்கு வாங்கியிருந்தால் யார் அனுப்பியது என்று பெட்டிக்குத் தெரியாது. அதற்குள் இருப்பதும் ஒரு சிம்தான். டவர் கிடைக்காத நேரத்தில் பத்து நிமிஷம் கழித்துச் சொல்லும். இதெல்லாம் கடைக்குள். வாசலில் பையோடு நிற்கும் தம்பிக்கு அந்தப் பெட்டியால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அவனிடம் வாடிக்கையாளர் காட்டுவது ஸ்கிரீன்ஷாட்.

ஸ்கிரீன்ஷாட்டில் மூன்று விதமாக ஏமாறலாம். பணம் போனது போலப் பச்சை டிக்கும் பெயரும் தொகையும் காட்டுகிற போலிச் செயலிகள் இருக்கின்றன. போன வாரம் அனுப்பிய உண்மையான ஸ்கிரீன்ஷாட்டையே இன்றைக்கும் காட்டலாம், தொகை ஒன்றாக இருந்தால் தேதியை யார் பார்க்கிறார்கள்? மூன்றாவதில் ஏமாற்று எண்ணமே கிடையாது. பணம் இன்னும் நடுவழியில் நிற்கிறது, திரையில் "நடந்துகொண்டிருக்கிறது" என்று இருக்கிறது, அனுப்பியவர் அதை முடிந்துவிட்டதாக நினைத்துக் காட்டுகிறார். இந்த மூன்றாவதுதான் எங்கள் கடையில் அதிகம். அந்த மாதிரி நேரத்தில் தம்பி முகத்தைச் சுளித்தால், நேர்மையான ஒரு மனிதரைத் திருடன் என்று சொன்னதுபோல் ஆகிவிடும்.

அதனால் ஸ்கிரீன்ஷாட்டை வாங்காதே என்று எழுதவில்லை. வாங்கிக்கொள், ஆனால் அதை முடிவாக எடுத்துக்கொள்ளாதே என்று எழுதினோம். ஒவ்வொரு யூபிஐ பரிமாற்றத்துக்கும் 12 இலக்க எண் ஒன்று உண்டு. அனுப்பியவர் திரையிலும் தெரியும், வணிகர் செயலியில் அந்த வரவைத் தொட்டாலும் தெரியும். தம்பி அதன் கடைசி நான்கு எண்ணைக் கல்லாவுக்கு அனுப்புகிறான்: "23, 612, 4471." கல்லாப் பெண் செயலியில் தொகையையும் நேரத்தையும் அந்த நான்கு எண்ணையும் ஒத்துப் பார்த்து "23 வந்தாச்சு" என்று போடுகிறாள். "வந்தாச்சு" என்ற சொல் வரும்வரை பணம் வரவில்லை என்றே அர்த்தம். அந்தச் சொல்லைச் சொல்லும் உரிமை கல்லாவில் இருப்பவருக்கு மட்டும்தான்.

வாடிக்கையாளர் கணக்கில் கழிந்துவிட்டது, கடைக்கு வரவில்லை என்றால்? ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் இதற்கு ஒரு கெடு வைத்திருக்கிறது. கடைக்குச் செலுத்திய பணம் கழிந்தும் உறுதியாகாவிட்டால், பரிமாற்றம் நடந்த நாளிலிருந்து 5 நாளுக்குள் தானாகவே திரும்ப வேண்டும். அதற்குமேல் தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் வீதம் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும். இது தெரிந்தால் வாசலில் நின்று பேசுவது சுலபம். தெரிந்த வீடு என்றால் பையைக் கொடுத்துவிட்டுக் கடன் நோட்டில் ஆர்டர் எண்ணோடு எழுதுகிறோம். முன்பின் தெரியாதவர் என்றால் சித்தப்பாவைக் கூப்பிட்டுக் கேட்ட பிறகே பை கைமாறும். "இன்னொரு தடவை அனுப்புங்க" என்று மட்டும் உடனே சொல்லக் கூடாது. முதல் பணமும் பின்னாலேயே வந்து சேர்ந்தால் அதைத் திருப்பித் தருவது நம் வேலையாகிவிடும்.

திருப்பித் தருவது சித்தப்பாவின் கையில் மட்டும்தான், அதுவும் வணிகர் செயலியில் அந்த வரவையே தொட்டுத் திருப்புவதாக இருக்க வேண்டும். "500-க்குப் பதிலா 5,000 அனுப்பிட்டேன், மிச்சத்தை இந்த நம்பருக்குப் போடுங்க" என்று பதறிப் பேசும் போன் மாதம் ஒன்றாவது வருகிறது. கூடவே வங்கியிலிருந்து வந்ததுபோல ஒரு குறுஞ்செய்தியும் வரும். செயலியில் பார்த்தால் 5,000-மும் இருக்காது, 500-ம் இருக்காது.

கடைசியில் சித்தப்பா அனுப்பிய மெசேஜ் இது. நான் எழுதிக் கொடுத்ததை அவர் தன் பேச்சில் மாற்றிக்கொண்டார். மாற்றிய பிறகுதான் நன்றாக இருந்தது.

"எல்லாரும் ஒரு தடவை முழுசா படிங்க. கடை ஆர்டர் கடை நம்பர்ல மட்டும்தான். உங்க சொந்த நம்பருக்கு யாராவது லிஸ்ட் அனுப்பினா, 'கடை நம்பருக்கு அனுப்பிருங்க'ன்னு மரியாதையா சொல்லி நம்பரைக் குடுத்திருங்க. நீங்களே எடுத்துக் கட்டக் கூடாது.

ஆர்டர் வந்ததும் நம்பர் போட்டு, சாமானை எழுதித் திருப்பி அனுப்புங்க. சரின்னு சொன்ன பொறவு எடுங்க. கடைசில உங்க எழுத்து ஒண்ணு போடணும். நிறுத்த பொறவுதான் தொகை சொல்லணும்.

பணம் கடை க்யூஆர்ல மட்டும். உங்க நம்பர்ல, உங்க வீட்டு நம்பர்ல வேண்டாம். உங்க மேல சந்தேகப்பட்டு சொல்லலை. நாளைக்கு யாரும் உங்களைக் கேள்வி கேக்கக் கூடாதுன்னு சொல்லுதேன். பெட்டி பேசலைன்னா தங்கச்சி செயலியைத் திறந்து பாக்கட்டும். நெட் இல்லைன்னா ரொக்கம் வாங்குங்க, அதுவும் இல்லைன்னா கடன் நோட்டு.

ஸ்கிரீன்ஷாட் பணம் ஆகாது. கடைசி நாலு எண்ணை அனுப்புங்க. கல்லாவுல 'வந்தாச்சு'ன்னு போட்ட பொறவுதான் கணக்கு. வரலைன்னா வாடிக்கைகிட்ட சத்தம் போடாதீங்க, எனக்கு போன் பண்ணுங்க.

பணம் வாங்குறதுக்கு பின் நம்பர் தேவையே இல்லை. யாராவது அடிக்கச் சொன்னா போனை வச்சிருங்க. ஆறு எண் ஓடிபி வந்தா என்கிட்டகூட போன்ல சொல்லாதீங்க. ஒருவேளை பணம் போயிட்டா பயந்து மறைக்காதீங்க, உடனே சொல்லுங்க, 1930-க்கு அடிப்போம்.

வீட்டு விலாசம், போன் நம்பர் எல்லாம் பில்லுல இருக்கு. அதை உங்க போன்ல படம் எடுத்து வைக்காதீங்க. பை குடுத்ததும் பில்லைக் கல்லாவுல குடுத்திருங்க."

அந்தக் கடைசிப் பத்தியைச் சித்தப்பாவே சேர்த்தார். பெண்கள் தனியாக இருக்கும் வீடுகளின் விலாசமும் நம்பரும் ஐந்து பேர் போனில் கிடப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. அதனால் ஊழியர் குழுவில் ஆர்டர் எண் மட்டும் போகிறது. விலாசம் தாளில்தான். வேலையை விட்டு யாராவது போனால், அன்றைக்கே குழுவிலிருந்தும் வணிகர் செயலியிலிருந்தும் அவர் நம்பரை எடுத்துவிட வேண்டும் என்பதை மெசேஜில் எழுதாமல் சித்தப்பாவின் சொந்த நோட்டில் எழுதி வைத்தோம். அது ஊழியர்கள் செய்ய வேண்டிய வேலை அல்லவே.

காலையில் கடை திறந்ததும் கல்லாப் பெண் தன் போனால் கடை க்யூஆரை ஸ்கேன் செய்து, கடையின் பெயர் வருகிறதா என்று பார்த்துவிட்டு மூடுகிறாள். ராத்திரியில் வேறு ஸ்டிக்கரை மேலே ஒட்டிவிட்டுப் போகிற திருட்டுக்கு இதுதான் மருந்து. ஐந்து விநாடி வேலை.

ராத்திரிக் கணக்கும் மாறிவிட்டது. முன்பு சித்தப்பா வங்கிக் கணக்கின் இருப்பைப் பார்த்துக் கூட்டுவார், அது ஒருநாளும் ஒத்துவராது. வணிகர் செயலிகளில் பணம் சில சமயம் மறுநாள்தான் மொத்தமாக வங்கிக்குப் போகும். இப்போது செயலியில் அன்றைய வரவை மட்டும் எடுத்துக்கொள்கிறார். நான் உட்கார்ந்து பார்த்த ஒரு நாளில் போன் ஆர்டர் பில் எல்லாம் சேர்ந்து 18,430 ரூபாய். செயலியில் 12,960, தம்பி கொண்டுவந்த ரொக்கம் 3,870, கடன் நோட்டில் 1,600. கூட்டிப் பார்த்தால் ஒத்தது. ஒத்துவராத நாளில் எந்த ஆர்டருக்கு "வந்தாச்சு" இல்லை என்று குழுவில் மேலே தள்ளிப் பார்த்தால் போதும், பெரும்பாலும் அங்கேயே பிடிபட்டுவிடுகிறது.

எல்லாம் சீராகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். முருகன்குறிச்சிப் பக்கம் ஒரு ஆச்சி இன்னமும் தம்பியின் நம்பருக்குத்தான் குரல்பதிவு அனுப்புகிறார். கடை நம்பரை நாலு தடவை கொடுத்தாயிற்று. "எனக்கு உன்னத்தான்டே தெரியும், கடைய எனக்குத் தெரியாது" என்று பதில் வந்தது. ஆச்சியின் குரலைத் தம்பி கடை நம்பருக்கு அனுப்பிவிடுகிறான், அங்கே அதற்கு ஒரு எண் விழுகிறது. பணத்துக்கு ஆச்சி சேலை முந்தியை அவிழ்த்து நோட்டுத்தான் தருவார். அந்த ஆர்டருக்கும் கல்லாப் பெண் தவறாமல் "வந்தாச்சு" போடுகிறாள்.